பத்துச் சொட்டு எண்ணெயில் என்ன இருக்கிறது?

குமுளி செக்போஸ்ட்டில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைத் திறக்கச் சொன்னால் எதைத் தேடுகிறார்கள் என்று எங்கள் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். இந்தப் பக்கம் இடுக்கி மலை, அந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு. இரண்டுக்கும் கஞ்சாவோடு பழைய கணக்கு உண்டு. ஆனால் சில வருடங்களாக அதே செடியை மருந்தாகக் கேட்டும் ஆட்கள் வருகிறார்கள். வண்டிப்பெரியாறில் மருந்துக்கடை வைத்திருக்கும் எனக்கு இந்தக் கேள்வி இரண்டு வடிவத்தில் வரும். ஒன்று, பிள்ளைக்கு வலிப்பு நிற்கவில்லை, கஞ்சா எண்ணெய் கொடுத்தால் நிற்குமாமே என்பது. இன்னொன்று, கீமோ போட்டுவிட்டு வாந்தி தாங்க முடியவில்லை, ஒரு இழுப்பு இழுத்தால் அடங்குமாமே என்பது.

இரண்டு கேள்வியிலும் உண்மை இருக்கிறது. அந்த உண்மை எவ்வளவு தூரம் போகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதைத்தான் எழுதப் போகிறேன். பெரும்பகுதி வலிப்பைப் பற்றியது, ஏனென்றால் அங்கேதான் ஆதாரம் உறுதியாக இருக்கிறது. ஜனங்கள் ஏமாறுவதும் அங்கேதான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். கஞ்சாச் செடியில் கன்னாபினாய்டுகள் என்ற வேதிப்பொருட்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. மருத்துவத்துக்கு இப்போதைக்கு முக்கியமானவை இரண்டு. போதை தருவது டி.எச்.சி. போதை தராதது சி.பி.டி., அதாவது கன்னாபிடியால். வலிப்புக்கு ஆதாரம் இருப்பது சி.பி.டி.க்கு. கீமோ வாந்திக்கு ஆதாரம் இருப்பது டி.எச்.சி.க்கும் அதன் செயற்கை உறவினருக்கும். ஒரே செடியில் இருந்து வந்தாலும் இரண்டும் வேறு வேறு மருந்துகள். போதைக்காகவே வளர்த்து வளர்த்துத் தேர்ந்தெடுத்த கஞ்சாவில் டி.எச்.சி. நிறைய இருக்கும், சி.பி.டி. பெயருக்குத்தான் இருக்கும். ஆகவே வீட்டில் கஞ்சாவைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிப் பிள்ளைக்குக் கொடுத்தால், வலிப்புக்கு வேண்டியது போகாமல் போதைதான் உள்ளே போகும்.

வலிப்புக்குக் கஞ்சா என்ற யோசனை இணையத்தில் பிறந்தது அல்ல. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இருந்த அயர்லாந்து மருத்துவர் ஓ'ஷாக்னெஸி 1839-ல் எழுதிய கட்டுரையிலேயே, வலிப்பு வந்த கைக்குழந்தைக்குக் கஞ்சாச் சாராயக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் பார்த்ததைப் பதிவு செய்திருக்கிறார். அதற்குப் பிறகு முறையான பெரிய பரிசோதனை வர ஒன்றே முக்கால் நூற்றாண்டு ஆனது. நடுவில் 2013-ல் அமெரிக்காவின் கொலராடோவைச் சேர்ந்த சார்லட் ஃபிகி என்ற சிறுமியின் கதை தொலைக்காட்சியில் வந்தது. வாரத்துக்கு நூற்றுக்கணக்கில் வலிப்பு வந்துகொண்டிருந்த குழந்தைக்கு, சி.பி.டி. மிகுந்த எண்ணெய் கொடுத்த பிறகு வலிப்பு வெகுவாகக் குறைந்தது என்று உலகம் பார்த்தது. அவளுக்கு இருந்த நோயின் பெயர் ட்ராவே சிண்ட்ரோம்.

அதே நோய் உள்ள ஒரு பையன் எங்கள் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருக்கிறான். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி அவன் கதையைச் சொல்கிறேன். அவன் அம்மா கொழுந்து கிள்ளப் போகிறவர்.

ஆறாவது மாதம் தடுப்பூசி போட்ட அன்று இரவு காய்ச்சல். காய்ச்சலோடு வலிப்பு. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது, அரை மணி நேரம் நிற்கவே இல்லை. ஜீப் பிடித்துக் கொண்டுபோய் ஊசி போட்டுத்தான் நிறுத்தினார்கள். தடுப்பூசியால் வந்தது என்று லயம் முழுக்கப் பேச்சு. உண்மையில் ட்ராவே வருவதற்குக் காரணம் பிறவியிலேயே இருக்கிறது. மூளை நரம்புகளில் சோடியத்தை உள்ளே விடும் ஒரு வாசல் உண்டு. அதைக் கட்டும் எஸ்.சி.என்.1.ஏ என்ற மரபணுவில் பழுது இருக்கும், பத்துப் பேரில் எட்டுப் பேருக்காவது. காய்ச்சல் வந்தால் வலிப்பைத் தூண்டும். ஊசி காய்ச்சலைக் கொண்டுவந்தது, காய்ச்சல் அதுவரை உள்ளே இருந்த நோயை வெளியே காட்டியது, அவ்வளவுதான்.

அப்புறம் குளியல். எங்கள் மலையில் குளிருக்குப் பிள்ளைகளைச் சுடச்சுடத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டுவார்கள். இவனுக்கு வெந்நீர்க் குளியல் முடிந்ததும் வலிப்பு வரும். உடல் சூடு ஏறினால் வலிப்பு வருவது இந்த நோயின் குணம். அந்த அம்மா அதைத் தானாகவே கண்டுபிடித்து, வெதுவெதுப்பான தண்ணீருக்கு மாறியிருந்தார். எந்த மருத்துவரும் சொல்வதற்கு முன்பே.

முதலில் பார்த்த இடத்தில் கார்பமாசெபின் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சாதாரண வலிப்புக்கு நல்ல மருந்து. ஆனால் அது சோடிய வாசலை அடைக்கிற மருந்து. ட்ராவேயில் அந்த வாசல் ஏற்கெனவே பாதிதான் வேலை செய்கிறது. பழுதான வாசல் அதிகம் இருப்பது மூளையில் மற்ற நரம்புகளை அடக்கி வைக்கும் நரம்புகளில்; அவற்றை மேலும் முடக்கினால் வலிப்பு கூடத்தான் செய்யும். கூடியது. கார்பமாசெபின், ஃபெனிட்டாயின், லாமோட்ரிஜின் கொடுத்தபின் ஒரு குழந்தைக்கு வலிப்பு அதிகமானால், மருந்து போதவில்லை என்று அளவை ஏற்றுவதற்கு முன் ட்ராவேயாக இருக்குமா என்று ஒரு தடவை யோசிக்க வேண்டும். இந்தப் பையனுக்குத் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரா மருத்துவமனையின் வலிப்புச் சிகிச்சைப் பிரிவில் யோசித்தார்கள். மரபணுச் சோதனையில் நோய் உறுதியானது. மருந்து வால்ப்ரோவேட்டுக்கும் குளோபசாமுக்கும் மாறியது. குறைந்தது, நிற்கவில்லை. நான்கு வயதிலும் மாதம் பதினான்கு பதினைந்து பெரிய வலிப்பு.

அந்தச் சமயத்தில்தான் திருப்பூரில் இருக்கும் சித்தப்பா போனில் பார்த்து ஒரு பாட்டில் எண்ணெய் வரவழைத்து அனுப்பியிருந்தார். அதைக் கொடுக்கும் முன் அந்த அம்மா கடைக்கு எடுத்து வந்தார். "அண்ணாச்சி, இதைக் காலையில அஞ்சு சொட்டு, ராத்திரி அஞ்சு சொட்டு கொடுக்கச் சொல்றாங்க. கொடுக்கலாமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, ஆராய்ச்சியில் என்ன கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

2017 மே மாதம் வெளிவந்த ஒரு பரிசோதனைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ட்ராவே உள்ள 120 குழந்தைகளையும் இளைஞர்களையும் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோரும் ஏற்கெனவே சாப்பிட்ட மருந்தைத் தொடர்ந்தார்கள். அதோடு ஒரு பாதிக்குச் சுத்திகரித்த சி.பி.டி., மறுபாதிக்கு அதே சுவையும் நிறமும் உள்ள, மருந்தில்லாத கரைசல். யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அளவு, உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம். பதினான்கு வாரம் பார்த்தார்கள். சி.பி.டி. எடுத்தவர்களின் பெரிய வலிப்பு மாதத்துக்கு 12.4 என்பதிலிருந்து 5.9 ஆனது. வெறும் கரைசல் எடுத்தவர்களுக்கு 14.9-லிருந்து 14.1. இரண்டுமே நடுமதிப்பு, அதாவது எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் எண்.

நான் இந்தப் பரிசோதனையில் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறொரு எண். வலிப்பு பாதிக்குப் பாதியாவது குறைந்தவர்கள் சி.பி.டி. பக்கம் 43 சதவீதம். வெறும் கரைசல் பக்கம் 27 சதவீதம். மருந்தே இல்லாத கரைசலைக் குடித்தவர்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வலிப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. வலிப்பு ஏறி இறங்குகிற நோய். மிக மோசமான மாதத்தில்தான் குடும்பம் புது மருந்தைத் தேடிப் போகும். அடுத்த மாதம் தானாகவே கொஞ்சம் இறங்கும். இறங்கியதற்கான பேர் அந்தப் பாட்டிலுக்குப் போய்விடும். இதோடு எதிர்பார்ப்பும் சேரும். கொலராடோவில் ஒரு மருத்துவமனையில், கஞ்சா எண்ணெய் கொடுத்த குடும்பங்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். அந்த எண்ணெய்க்காகவே வேறு மாநிலத்திலிருந்து வீட்டைக் காலி செய்துகொண்டு வந்தவர்களில் 47 சதவீதம் பேர் நல்ல பலன் என்றார்கள். உள்ளூர்க் குடும்பங்களில் 22 சதவீதம் பேர்தான் அப்படிச் சொன்னார்கள். நோய் ஒன்றுதான், எண்ணெயும் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தாய்தகப்பன் பலனைத் தேடித்தான் பார்ப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் யூட்யூபில் ஒரு அம்மா கண்ணீரோடு சொல்வதை வைத்து ஏன் முடிவெடுக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் கிடையாது.

43-க்கும் 27-க்கும் உள்ள வித்தியாசம்தான் மருந்தின் சொந்தச் சம்பாத்தியம். அது சின்னதல்ல. மற்ற மருந்து எல்லாம் தோற்ற பிள்ளைகளிடம் கிடைத்த பலன் அது. பதினான்கு வாரமும் வலிப்பே வராமல் இருந்தவர்கள் சி.பி.டி. பக்கம் 5 சதவீதம், மறுபக்கம் யாருமில்லை. இதைப் போலவே லெனாக்ஸ்-காஸ்டோ சிண்ட்ரோம் என்ற இன்னொரு கடுமையான வலிப்பு நோயிலும், நின்ற நிலையில் தொப்பென்று கீழே விழவைக்கும் வலிப்புகள் குறைந்தன. 2018 ஜூனில் அமெரிக்க அரசு இந்த இரண்டு நோய்க்கும் சுத்திகரித்த சி.பி.டி. கரைசலை அனுமதித்தது. 2020-ல் டியூபரஸ் ஸ்க்ளெரோசிஸ் என்ற மூன்றாவது நோயும் சேர்ந்தது. உறுதியான ஆதாரம் உள்ளது இந்த மூன்றுக்குத்தான். எல்லா வலிப்புக்கும் இது மருந்து என்பதற்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. பெரும்பாலான வலிப்பு நோயாளிகளுக்கு ஒழுங்காகச் சாப்பிடும் ஒன்றிரண்டு பழைய மாத்திரையே போதும்.

சரி, பாட்டிலுக்கு வருவோம். பையன் 16 கிலோ. அனுமதி பெற்ற மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் சி.பி.டி. இருக்கும். தொடக்கம் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. அதாவது இவனுக்கு வேளைக்கு 40 மில்லிகிராம், சிரிஞ்சில் 0.4 மில்லி. ஒரு வாரம் கழித்து இரட்டிப்பு, வேளைக்கு 0.8 மில்லி. நாளுக்கு 160 மில்லிகிராம் என்ற இந்த அளவில்தான் பலனைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். போதாவிட்டால், தாங்கினால், மெல்ல ஏற்றி நாளுக்கு 320 வரை.

சித்தப்பா அனுப்பிய பாட்டில் 30 மில்லி. மேலே பெரிய எழுத்தில் 1000 மில்லிகிராம். அது முழுப் பாட்டிலுக்கும் சேர்த்து. மில்லிக்கு 33 மில்லிகிராம். இருபது சொட்டு ஒரு மில்லி என்று வைத்தால், காலை ஐந்து, இரவு ஐந்து, ஆக அரை மில்லி. நாளுக்குச் சுமார் 16 மில்லிகிராம். ஆராய்ச்சியில் பலன் கண்ட குறைந்த அளவில் பத்தில் ஒரு பங்கு. அந்த எண்ணெயில் சரியான அளவு கொடுக்க வேண்டுமென்றால் தினம் ஐந்து மில்லி வேண்டும், பாட்டில் ஆறு நாளில் காலி. இந்தக் கணக்கைக் கடையில் பில் புத்தகத்தின் பின்பக்கம் போட்டுக் காட்டினேன். அந்த அம்மா எட்டாம் வகுப்பு வரை படித்தவர். ஒரு தடவையில் புரிந்துகொண்டார்.

அதுவும் லேபிளில் இருப்பது சி.பி.டி.யின் எடை என்றால்தான் இந்தக் கணக்கு. அந்த லேபிளில் இருந்தது செடிச்சாறின் எடை. சாற்றில் சி.பி.டி. எவ்வளவு, டி.எச்.சி. எவ்வளவு என்று எங்கும் இல்லை. நம் நாட்டில் 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் பூவையும் காயையும் கொண்ட நுனியைத்தான் கஞ்சா என்கிறது. தனியே பறித்த இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வராது. அதனால்தான் இலைச்சாறில் செய்த எண்ணெய்கள் விஜயா என்ற பெயரில் ஆயுர்வேத லைசென்சோடு விற்கின்றன. சட்டப்படி விற்கலாம் என்பது வேறு, இந்த நோய்க்கு இந்த அளவில் சோதித்தார்கள் என்பது வேறு. அமெரிக்காவிலேயே இணையத்தில் வாங்கிய 84 சி.பி.டி. பொருட்களைச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். லேபிளில் சொன்ன அளவு சரியாக இருந்தது 31 சதவீதத்தில் மட்டும். பதினெட்டில் டி.எச்.சி. இருந்தது. வாங்கியவர்களில் பலர் குழந்தைக்காக வாங்கியிருப்பார்கள்.

வாங்குகிறவர் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. குறிப்பிட்ட அந்தப் பாட்டிலின் பேட்ச் எண்ணுக்கு, ஒரு மில்லியில் சி.பி.டி. எத்தனை மில்லிகிராம், டி.எச்.சி. எத்தனை மில்லிகிராம் என்ற சோதனைத் தாள் இருக்கிறதா? இல்லை என்றால் அதை வலிப்புக் குழந்தைக்குக் கொடுக்க என்னால் சம்மதம் சொல்ல முடியாது.

அந்தப் பாட்டில் திறக்கப்படவில்லை. பையனின் நரம்பியல் மருத்துவரே சில மாதம் கழித்துச் சுத்திகரித்த சி.பி.டி. கரைசலை எழுதினார், மருத்துவமனை வழியாகவே அது வந்தது. ஆரம்பிக்கும் முன் ஒரு மாதம் வலிப்பு டைரி எழுதச் சொன்னார். தேதி, நேரம், எந்த மாதிரி, எத்தனை நிமிஷம், காய்ச்சல் இருந்ததா. மேலே சொன்ன அந்த 27 சதவீதத்தை மனதில் வைத்தால் இந்த டைரி எதற்கு என்று விளங்கும். முந்தைய மாதத்துக் கணக்கு எழுத்தில் இல்லாவிட்டால், அடுத்த மாதம் குறைந்ததா இல்லையா என்பது நினைவின் விருப்பத்துக்குப் போய்விடும்.

மூன்றாவது வாரம் அந்த அம்மாவிடமிருந்து போன். பிள்ளை தூங்கிக்கொண்டே இருக்கிறான், எழுப்பி உட்கார வைத்தால் வாயில் எச்சில் வழிகிறது, நடந்தால் தள்ளாடுகிறான். புது மருந்தை நிறுத்திவிடட்டுமா என்றார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சி.பி.டி. தொடங்கும் பல குடும்பங்களில் இது நடக்கும். தூக்கம் சி.பி.டி.யால் வரலாம். ஆனால் குளோபசாம் சாப்பிடுகிற பிள்ளைக்கு வேறொன்றும் நடக்கிறது. குளோபசாம் உடம்புக்குள் போனதும் ஈரல் அதை இன்னொரு பொருளாக மாற்றும். அந்தப் பொருளும் வலிப்பை அடக்கும், தூங்கவும் வைக்கும். சாதாரணமாக ஈரலில் இருக்கும் ஒரு நொதி அதைக் கழித்து வெளியே அனுப்பிவிடும். சி.பி.டி. அந்த நொதியை மடக்கிப் பிடித்துவிடுகிறது. கழிய வேண்டியது கழியாமல் இரத்தத்தில் ஏறக்குறைய மூன்று மடங்காகச் சேர்ந்துவிடும். மாத்திரை அதே 10 மில்லிகிராம்தான், பிள்ளைக்குள் வேலை செய்வது அதைவிடப் பெரிய டோஸ். சி.பி.டி. தொடங்கி அல்லது ஏற்றி ஒன்றிரண்டு வாரத்துக்குள் தூக்கமும் எச்சிலும் தள்ளாட்டமும் சேர்ந்து வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

வீட்டில் இருப்பவர்கள் குளோபசாமைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரும், அது உயிருக்கே ஆபத்து. அன்றே மருத்துவரிடம் பேச வைத்தேன். அவர் குளோபசாமைப் படிப்படியாகக் குறைத்தார். சி.பி.டி.யைத் தொடவில்லை. தூக்கம் தெளிந்தது.

இதிலிருந்து ஒரு நியாயமான சந்தேகம் எழும். அப்படியானால் பலன் சி.பி.டி.யுடையதா, இல்லை மறைமுகமாக ஏறிய குளோபசாமுடையதா? நிபுணர்களும் இதைக் கேட்டார்கள். ஐரோப்பாவில் 2019-ல் ட்ராவேக்கும் லெனாக்ஸ்-காஸ்டோவுக்கும் அனுமதி கொடுத்தபோது குளோபசாமோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். பரிசோதனைகளைச் சேர்த்துப் பிரித்துப் பார்த்ததில், குளோபசாம் எடுக்காதவர்களுக்கும் பலன் இருந்தது, ஆனால் குறைவாக இருந்தது. இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன என்று நான் புரிந்துகொள்கிறேன். மருந்து வேலை செய்வதில் சி.பி.டி.க்குச் சொந்தப் பங்கு இருக்கிறது, முழுப் பங்கு இல்லை.

வால்ப்ரோவேட்டோடு வேறு சிக்கல். இரண்டும் சேர்ந்தால் ஈரல் நொதிகள் இரத்தத்தில் ஏறுவது அதிகம். அதனால் தொடங்கும் முன்பும், அதன்பின் ஒன்று, மூன்று, ஆறு மாதத்திலும் ஈரல் சோதனை. இயல்பான மேல் எல்லையைப் போல் மூன்று மடங்குக்கு மேல் ஏறி மஞ்சள் காமாலைக்கான பிலிருபினும் கூடினால் நிறுத்த வேண்டும். பையனுக்கு முதல் மாதம் கொஞ்சம் ஏறியது, அந்த எல்லைக்கு வெகு கீழே. தேதியைத் தள்ளாமல் மறுபடி பார்த்தார்கள், இறங்கியது. செலவைப் பார்த்து மூன்றாம் மாதச் சோதனையைத் தவிர்க்கிறவர்கள் உண்டு. பிள்ளை நன்றாகத்தானே விளையாடுகிறான் என்பார்கள். ஈரல் கெடத் தொடங்கும்போது பிள்ளை நன்றாகத்தான் விளையாடும்.

இன்னொன்று சாப்பாடு. சி.பி.டி. கொழுப்பில் கரையும். கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால் வெறும் வயிற்றில் போவதைவிட நாலு மடங்கு வரை இரத்தத்தில் சேரும். ஒரு நாள் பால் சேர்க்காத கட்டஞ்சாயாவோடு, ஒரு நாள் நெய்ச்சோறோடு என்று கொடுத்தால், அளவே மாறாமல் மருந்து ஏறி இறங்கும். எந்தச் சாப்பாடு என்பது பெரிதல்ல, தினமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அந்த அம்மா காலையில் தோசை முடிந்ததும், இரவில் சோறு முடிந்ததும் என்று வைத்துக்கொண்டார்.

டைரியின்படி இப்போது மாதம் ஏழெட்டு. வெந்நீரில் இன்னும் குளிக்க முடியாது. காய்ச்சல் வந்தால் இன்னும் பயம்தான். பேச்சு கொஞ்சம் கூடியிருக்கிறது என்று அம்மா சொல்கிறார், அதற்கு மருந்துதான் காரணமா என்று என்னால் சொல்ல முடியாது, ஒரு பிள்ளையை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

இனி கீமோ. இங்கே கதை தலைகீழ். இந்தப் பக்கத்தில் அனுமதி பெற்ற மருந்துகள் வெகு பழையவை. டி.எச்.சி.யைச் செயற்கையாகச் செய்த ட்ரோனபினால், அதைப் போலவே வேலை செய்யும் நாபிலோன், இரண்டுக்கும் அமெரிக்காவில் 1985-லேயே அனுமதி. வாந்தியைத் தூண்டும் மூளைத்தண்டுப் பகுதியில் டி.எச்.சி. போய் உட்காரும் இடங்கள் இருக்கின்றன. அங்கே உட்கார்ந்தால் வாந்தி தணியும். வேலை செய்கிறதா என்றால், செய்கிறது.

எதோடு ஒப்பிட்டார்கள் என்று பார்த்தால்தான் சிக்கல் தெரியும். 2015-ல், மருத்துவ ஆராய்ச்சிகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 23 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. அனேகமாக எல்லாமே 1975-க்கும் 1991-க்கும் இடையில் நடந்தவை. ஒப்பிட்ட மருந்து ப்ரோகுளோர்பெரசின் போன்ற அந்தக் காலத்து மருந்துகள். அவற்றுக்கு ஏறக்குறைய இணையாக வாந்தியைத் தடுத்தது, தலைசுற்றலும் மனக்கலக்கமும் அதிகமாகக் கொடுத்தது. ஆன்டான்செட்ரான் என்ற வாந்தித் தடுப்பு மருந்தும் அதற்குப் பின் வந்தவையும் இப்போது கீமோ வார்டில் அடிப்படை. அவற்றை எதிர்த்து நிறுத்திப் பார்த்தது மிகக் குறைவு.

கம்பத்திலிருந்து ஒருவர் வந்தார். திராட்சைத் தோட்டத்தில் வேலை. மனைவிக்கு மார்பகப் புற்றுநோய், இரண்டு கீமோ முடிந்திருந்தது. போட்ட அன்று ஒன்றுமில்லை, மறுநாளிலிருந்து மூன்று நாள் தண்ணீர்கூட நிற்கவில்லை. மச்சான் ஒருவர் ஒரு பொட்டலம் தருகிறேன் என்றாராம். எனக்குத் தெரிந்த கடை என்பதால் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று வந்திருந்தார்.

நான் மருந்துச் சீட்டைக் கேட்டேன். ஆன்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன், அப்ரெபிடன்ட், ஓலன்சபின், நாலும் இருந்தன. கடுமையாக வாந்தி வரவைக்கும் கீமோவுக்கு இன்று உலகமெங்கும் கொடுக்கும் கூட்டணி இதுதான். சரி, மாத்திரைகளைக் காட்டுங்கள் என்றேன். பையில் ஓலன்சபின் அட்டை பிரிக்காமல் இருந்தது. "அது மனநோய்க்கான மாத்திரைன்னு போனில போட்டிருக்கு அண்ணே, இவளுக்கு எதுக்குன்னு கொடுக்கல."

போனில் போட்டிருந்தது பொய்யில்லை. ஓலன்சபின் மனச்சிதைவுக்கான மருந்துதான். ஆனால் குமட்டலைத் தூண்டும் பல வாசல்களை ஒரே நேரத்தில் அடைக்கும். 2016-ல் வந்த பரிசோதனையில், மற்ற மூன்று மருந்தோடு ஓலன்சபினும் எடுத்தவர்களில் 37 சதவீதம் பேருக்கு ஐந்து நாளும் குமட்டலே இல்லை, எடுக்காதவர்களில் 22 சதவீதம். அதில் கொடுத்தது 10 மில்லிகிராம், பகலிலும் தூங்கவைக்கும் அளவு. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் 10 மில்லிகிராமையும் 2.5 மில்லிகிராமையும் ஒப்பிட்டு 2024-ல் வெளியிட்டார்கள். வாந்தியைத் தடுப்பதில் சின்ன அளவு பின்தங்கவில்லை, பகல் தூக்கம் குறைவு. சில ரூபாய் மாத்திரை. அதைப் பையில் வைத்துக்கொண்டு பொட்டலத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பொட்டலத்தைப் பற்றி எனக்கு வேறு பயமும் உண்டு. கீமோவுக்குப் பின் இரண்டாவது வாரம் வாக்கில் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். பதமாகக் காயாத கஞ்சாவில் ஆஸ்பெர்கிலஸ் என்ற பூஞ்சை இருப்பது சாதாரணம். அதை இழுத்தால் நேரே நுரையீரலுக்குப் போகும், அங்கே எதிர்க்க ஆளில்லை. எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் இப்படி நுரையீரல் தொற்றில் விழுந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

நாலு மருந்தையும் ஒழுங்காக எடுத்தும் வாந்தி நிற்காவிட்டால்தான் கன்னாபினாய்டுக்கு நியாயமான இடம். அந்த இடத்துக்கும் இப்போது நல்ல ஆதாரம் வந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில், வாந்தித் தடுப்பு மருந்து எடுத்தும் வாந்தியோ குமட்டலோ நிற்காதவர்களுக்கு டி.எச்.சி. 2.5, சி.பி.டி. 2.5 மில்லிகிராம் சேர்ந்த மாத்திரையை, இருக்கும் மருந்துகளை நிறுத்தாமல், கீமோவுக்கு முந்தின நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை மூன்று வேளை கொடுத்தார்கள். 2024-ல் வெளியான முடிவின்படி, வாந்தியோ கூடுதல் மருந்தோ இல்லாமல் தப்பியவர்கள், மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களில் 8 சதவீதம், இதை எடுத்தவர்களில் 24 சதவீதம். தூக்கம், தலைசுற்றல், மனக்கலக்கம் கூடுதலாக இருந்தும் பெரும்பாலோர் அதையே மறுபடி எடுக்க விரும்பினார்கள். நாலில் ஒருவருக்குத்தான் முழுப் பலன் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

திராட்சைத் தோட்டத்துக்காரரிடம் ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதிக் கொடுத்தேன், அடுத்த கீமோவுக்கு முன் மருத்துவரிடம் காட்ட. எந்த நாளில் எத்தனை தடவை வாந்தி. வாந்தியா, வாந்தி வராத வெறும் குமட்டலா. எழுதித் தந்த மாத்திரைகளில் எவற்றை உண்மையில் சாப்பிட்டார், எதை விட்டார். ஓலன்சபினை விட்டதை மறைக்காமல் சொல்லச் சொன்னேன், இல்லாவிட்டால் நாலும் தோற்றுவிட்டதாக மருத்துவர் நினைத்து அடுத்த மருந்துக்குப் போய்விடுவார். மூன்றாவது கீமோவுக்கு மருத்துவர் மருந்தை மாற்றவில்லை. ஓலன்சபினை இரவில் படுக்கும் முன் எடுக்கச் சொன்னாராம். இரண்டாம் நாள் ஒரு தடவை வாந்தி, மூன்றாம் நாள் கஞ்சி நின்றது என்று போனில் சொன்னார். மச்சானின் பொட்டலத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.